மேசைக்கு வந்த மெஷின்

சாப்பிட்ட இடத்திலேயே பணம் கட்டுவது ஒன்று. கட்டும் பணத்தை நாலு பேர் பிரித்துக் கட்டுவது வேறு ஒன்று. இரண்டும் சர்வர் கையில் இருக்கும் ஒரே மெஷினில் நடப்பதால் இரண்டையும் ஒரே வசதி என்று எண்ணிவிடுகிறோம். மெஷின் விற்பவர்களும் அப்படித்தான் சொல்லி விற்கிறார்கள். சென்னையில் இரண்டு உணவகங்களுக்கு இரவுக் கணக்கு முடித்துக் கொடுத்தவன் என்ற முறையில், இவற்றைத் தனித்தனியாக எடைபோட வேண்டும் என்பது என் கருத்து. முதலாவதற்கு நான் முழு மனதோடு சம்மதம் சொல்வேன். இரண்டாவதில் பாதிக்குத்தான் சம்மதம். எந்தப் பாதி, ஏன் என்று சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

மெஷின் மேசைக்கு வந்தது சொகுசுக்காக அல்ல. 2013 டிசம்பர் 1 முதல் டெபிட் கார்டைக் கடையில் தேய்த்தால் பின் எண் போட்டே ஆக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்தது. அதற்கு முன்பு பில் அட்டைக்குள் கார்டை வைத்துக் கொடுத்துவிடுவோம். சர்வர் அதை எடுத்துக்கொண்டு கேஷ் கவுண்ட்டருக்குப் போவார், சீட்டோடு திரும்பி வருவார், நாம் கையெழுத்துப் போடுவோம். நடுவில் இருந்த அந்த இரண்டு மூன்று நிமிடம் கார்டு நம் கண்ணில் படாது. அதன் காந்தப் பட்டையைச் சின்னக் கருவியில் இழுத்து நகலெடுக்க அந்த நேரம் தாராளமாகப் போதும். பின் எண் வந்தபிறகு அந்த வழக்கம் செல்லாது. ரகசிய எண்ணை சர்வரிடம் சொல்லி அனுப்ப முடியாது. ஒன்று நாம் கவுண்ட்டருக்குப் போக வேண்டும், இல்லையென்றால் மெஷின் நம்மிடம் வர வேண்டும். பிரிட்டனிலும் இதே கதைதான். அங்கே 2006 பிப்ரவரி 14 முதல் பின் எண் கட்டாயமானது, உணவகங்களில் கம்பியில்லா மெஷின்கள் பரவின. கையெழுத்து வழக்கம் நீடித்த அமெரிக்காவில் கார்டு பில் அட்டைக்குள் போய்வருவதும் நெடுங்காலம் நீடித்தது.

ஆக, மேசையில் பணம் கட்டுவதன் முதல் லாபம் பாதுகாப்பு. கார்டு உரியவர் கையை விட்டு நகர்வதில்லை. மெஷினை உடைத்துத் திறக்க முயன்றால் உள்ளே இருக்கும் ரகசியச் சாவிகள் தாமாக அழிந்துவிடும்படி அதைச் செய்திருக்கிறார்கள். இரண்டாவது லாபம், கவுண்ட்டரில் நிற்க வேண்டாம். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குக் கைக்குழந்தையோடும் முழங்கால் வலிக்கும் அம்மாவோடும் பில் வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மூன்றாவது லாபம் முதலாளிக்கு. கவுண்ட்டரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்துவிட்டு, பணம் போனதாகப் போலித் திரையைக் காட்டி நழுவுகிறவர்கள் உண்டு. மெஷினின் க்யூஆர் ஒவ்வொரு பில்லுக்கும் புதிதாகப் பிறக்கிறது, தொகை அதற்குள்ளேயே இருக்கிறது, பணம் வந்த செய்தி மெஷினுக்கே நேராக வருகிறது. வாடிக்கையாளரின் போன் திரையை யாரும் எட்டிப்பார்க்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். பழைய மெஷினில் ரப்பர் பொத்தான்கள் இருந்தன. 5 என்ற எண்ணின் மேல் சின்னப் புடைப்பு இருக்கும். பார்வையற்றவர் அதை விரலால் தொட்டு மற்ற எண்களின் இடத்தைக் கணித்துக்கொள்வார். இப்போது வரும் ஆண்ட்ராய்டு மெஷின்கள் பலவற்றில் பின் எண்ணையும் வழவழப்பான கண்ணாடித் திரையில்தான் தட்ட வேண்டும். தொட்டால் எல்லா எண்ணும் ஒன்றுபோல இருக்கும் அந்தத் திரையில், துணைக்கு ஆள் இல்லாமல் அவரால் தன் பின் எண்ணைப் போட முடிவதில்லை. பின் எண் யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காக மேசைக்கு வந்த கருவி, ஒருவரை மட்டும் தன் எண்ணைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வைக்கிறது. பார்வையற்ற நண்பர் ஒருவரோடு உட்கார்ந்து இதைக் கண்ணால் பார்த்தேன். அவர் கார்டைத் திரும்பப் பையில் போட்டுவிட்டு ரூபாய் நோட்டுகளை எடுத்து எண்ணினார். பொத்தான் உள்ள மெஷின் ஒன்றையாவது ஒவ்வொரு உணவகமும் வைத்திருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

இன்னொன்று, மெஷின் மேசைக்கு வந்தால் மட்டும் போதாது, பில்லும் அதற்குள் வர வேண்டும். பல இடங்களில் ஆர்டர் எடுக்கும் கருவி வேறு, பணம் வாங்கும் மெஷின் வேறு. சர்வர் பில்லைப் பார்த்துத் தொகையைக் கையால் தட்டுகிறார். 1,520 என்பது கூட்ட நெரிசலில் 1,250 ஆகிவிடும். அன்றிரவு செட்டில்மெண்ட் போடும்போது 270 ரூபாய் உதைக்கும். எந்த மேசை, எந்த சர்வர் என்று தேடினால் அரை மணி நேரம் போகும். ஆர்டரும் பில்லும் பணமும் ஒரே கருவியில் இருந்தால் இந்தப் பிழைக்கு இடமில்லை. பிரித்துக் கட்டுவதைப் பற்றி இனி நான் சொல்வதெல்லாம் இப்படி இணைந்த மெஷினுக்குத்தான் பொருந்தும். தனி மெஷினில் பிரிப்பது என்றால் சர்வர் மனக்கணக்குப் போட்டு நாலு முறை தொகையைத் தட்டுகிறார் என்றே பொருள்.

இப்போது ஒரு மேசையை எடுத்துக்கொள்வோம். நாலு நண்பர்கள். குமார், ரவி, செல்வம், சைவம் மட்டும் சாப்பிடும் மாலா. நடுவில் வைத்துப் பகிர்ந்தவை இரண்டு: 280 ரூபாய்க்கு ஒரு சிக்கன் 65, இதை மாலா தொடவில்லை. 240 ரூபாய்க்கு ஒரு காளான் மிளகு வறுவல், இதை நாலு பேரும் சாப்பிட்டார்கள். குமாருக்கும் ரவிக்கும் ஆளுக்கு 380 ரூபாய் மட்டன் பிரியாணி. செல்வத்துக்கு 320 ரூபாய் சிக்கன் பிரியாணி. மாலாவுக்கு 140 ரூபாய்க்குப் பரோட்டாவும் குருமாவும். குமாரும் மாலாவும் ஆளுக்கு 90 ரூபாயில் ஒரு லைம் சோடா குடித்தார்கள். கூட்டினால் 1,920 ரூபாய். அதற்கு மேல் 5 சதவீத ஜிஎஸ்டி 96 ரூபாய். மொத்தம் 2,016.

சர்வர் மெஷினில் பிரிக்கும் பொத்தானைத் தட்டினால் வழக்கமாக முதலில் வருவது சமப் பங்கு. நாலால் வகுத்தால் ஆளுக்கு 504. கச்சிதமான கணக்கு, பத்தே விநாடி வேலை. ஆனால் மாலா சாப்பிட்டது வரியோடு சேர்த்து 304 ரூபாய் 50 காசுக்குத்தான். சமப் பங்கில் அவர் ஏறக்குறைய 200 ரூபாய் அதிகம் கட்டுகிறார். அந்தப் பணம் பெரும்பாலும் குமாரின் பங்கைக் குறைக்கப் போகிறது. நண்பர்களுக்குள் 200 ரூபாய் பெரிதில்லை என்பது சரிதான். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் மாலா. மெஷின் 504 என்று திரையில் காட்டியபிறகு, "எனக்கு இவ்வளவு ஆகலையே" என்று சொல்லும் சுமை அவர் தலையில் விழுகிறது. பெரும்பாலானவர்கள் சொல்ல மாட்டார்கள், ஸ்கேன் செய்துவிட்டு எழுந்துவிடுவார்கள். ஒரு அலுவலகக் கூட்டத்தில் சம்பளம் குறைந்தவரும், குறைவாகச் சாப்பிட்டவரும், வெளியே பேசத் தயங்குகிறவரும் ஒரே ஆளாக இருப்பது சகஜம். சமப் பங்கை முதல் திரையில் வைத்த மெஷின் அவருக்கு எதிராகத்தான் தீர்ப்பு எழுதுகிறது.

சமப் பங்கின் மேல் எனக்கு இன்னொரு மறுப்பும் உண்டு. நம் நாட்டில் அதற்கு மெஷினே தேவையில்லை. ஒருவர் மொத்தத்தையும் கட்டிவிட, மற்ற மூவரும் அவருக்கு யுபிஐயில் அனுப்பிவிடுகிறார்கள். செலவு கிடையாது, உடனே போய்ச் சேரும். 2025 அக்டோபர் 1 முதல், தனிநபருக்குத் தனிநபர் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை வசதியை, மோசடிகளைத் தடுப்பதற்காகத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் நிறுத்திவிட்டது. அதனால் "504 அனுப்பு" என்று நண்பனின் செயலியில் தட்டி எழுப்ப முடியாது, வாயால் கேட்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் மேசையில் ஒரே மெஷினில் நாலு பேர் கட்டுவது வரிசை வேலை. ஒருவர் ஸ்கேன் செய்து, பின் எண் போட்டு, மெஷின் உறுதி சொல்லி, சீட்டு வந்தபிறகுதான் அடுத்தவர். ஒருவருக்கு முக்கால் நிமிடம் என்று வைத்தாலும் மூன்று நிமிடம் சர்வர் அந்த மேசையை விட்டு நகர முடியாது. இரவு எட்டரை மணிக்கு ஆறு மேசையைப் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு அந்த மூன்று நிமிடம் பெரிய விலை. அதற்குள் பக்கத்து மேசையில் சாம்பாருக்குக் கை தூக்கியவர் கையைக் கீழே போட்டிருப்பார்.

முதலாளி பக்கம் ஒரு எதிர்வாதம் இருக்கிறது, அதையும் வைக்க வேண்டும். ஒருவர் மொத்தத்தையும் கட்டுகிறேன் என்று முன்வருவது பல நேரம் தன் கிரெடிட் கார்டுப் புள்ளிகளுக்காக. 2,016 ரூபாயை கிரெடிட் கார்டில் தேய்த்தால், கட்டணம் 2 சதவீதம் என்று வைத்தால், முதலாளிக்கு 40 ரூபாய் போகிறது. அதே தொகையை நாலு பேர் வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐயில் தனித்தனியாகக் கட்டினால் ஒன்றும் போகாது, 2020 ஜனவரி முதல் அதற்குக் கடைக்காரரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. ஆகவே பிரித்துக் கட்டச் சொல்லும் முதலாளி கணக்குத் தெரிந்தவர்தான். இருந்தாலும் 40 ரூபாயை மிச்சம் பிடிக்க சர்வரின் மூன்று நிமிடத்தைக் கொடுப்பது, கூட்டம் இல்லாத மதியத்துக்குத்தான் சரிப்படும்.

சமப் பங்கு வேண்டாம் என்றால் எஞ்சுவது அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர் கட்டுவது. மெஷினின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. யார் என்ன சாப்பிட்டார்கள் என்ற தகவல் நண்பர்களின் யுபிஐ செயலியில் இல்லை. சர்வரின் கருவியில்தான் இருக்கிறது, அதுவும் ஆர்டர் எடுக்கும்போதே நாற்காலி எண்ணைத் தட்டியிருந்தால். ஜன்னல் ஓர நாற்காலி ஒன்று, அங்கிருந்து வலமாக இரண்டு, மூன்று, நாலு. அந்த எண் சமையலறைக்குப் போகும் கே.ஓ.டி. சீட்டிலும் அச்சாகும், அதனால் தட்டைக் கொண்டுவருபவர் "மட்டன் யாருக்கு சார்?" என்று கேட்க வேண்டியதில்லை. சாப்பாடு முடிந்து பிரிக்கும்போது பிரியாணியும் பரோட்டாவும் தாமாக உரியவர் பெயரில் போய் உட்கார்ந்துவிடும்.

நம் ஊர்ச் சாப்பாட்டு வழக்கம் இதற்கு ஒரு முட்டுக்கட்டை. நாம் நடுவில் வைத்துச் சாப்பிடுகிறவர்கள். நாற்காலிக்கு ஒரு தட்டு என்ற மேலை நாட்டு எண்ணத்தில் எழுதிய மென்பொருள் சிக்கன் 65-ஐ யார் தலையில் கட்டுவது என்று தெரியாமல் நிற்கும். நல்ல மென்பொருள் ஒரே பதார்த்தத்தைப் பங்கு போட விடும். அந்தத் தட்டை அழுத்தி, ஒன்று இரண்டு மூன்று என்று மூவரைக் குறித்தால் 280 மூன்றாகிவிடும். சாதாரண மென்பொருளில் இது கிடையாது. அப்போது சர்வர் அதை யாராவது ஒருவர் பெயரில் போட்டுவிட்டு, "நீங்களே பார்த்துக்குங்க சார்" என்பார். மெஷின் வந்ததன் பயன் அந்த நொடியில் தீர்ந்துவிட்டது.

பங்கு போடத் தெரிந்த மெஷினிலும் ஒரு கணக்குப் பிழை பதுங்கியிருக்கிறது. 280-ஐ மூன்றால் வகுத்தால் 93 ரூபாய் 33 காசு, ஒருவருக்கு மட்டும் 34 காசு. வரியோடு சேர்த்தால் குமாருக்கு 654.50, ரவிக்கு 560.00, செல்வத்துக்கு 497.01, மாலாவுக்கு 304.50. கூட்டிப் பாருங்கள், 2,016 ரூபாய் 1 காசு. ஒரு காசு எங்கிருந்தோ முளைத்துவிட்டது. ஒவ்வொரு பங்கையும் முழு ரூபாயாக்கினால் 655, 560, 497, 305 என்று வரும். அதன் கூட்டல் 2,017. பில் 2,016-க்குத்தான். ஒரு ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் இரவில் செட்டில்மெண்ட் அறிக்கையும் பில் அறிக்கையும் ஒத்துப்போகாது. நாற்பது மேசை பிரித்துக் கட்டிய நாளில் முப்பது ரூபாய் கூடவோ குறையவோ வரும். அதில் எது ரவுண்ட் ஆஃப், எது உண்மையான தவறு என்று பிரித்தறிய வழி இருக்காது. நிஜமான பிழை ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல புதர் கிடையாது.

சரியான முறை எளியது. முதல் மூவரின் பங்கை மட்டும் கணக்கிட வேண்டும். கடைசி ஆளின் பங்கைக் கணக்கிடவே கூடாது, மீதம் இருப்பதுதான் அவர் பங்கு. 2,016-இல் 655, 560, 497 போனால் மாலாவுக்கு 304. மொத்தம் எப்போதும் பில்லோடு ஒத்திருக்கும். நல்ல மென்பொருள் இப்படித்தான் செய்கிறது.

இங்கே, வாடிக்கையாளர்கள் அறியாத, சர்வர்கள் தினமும் மாட்டிக்கொள்ளும் ஒரு வேறுபாடு வருகிறது. பணத்தைப் பிரிப்பது வேறு, பில்லைப் பிரிப்பது வேறு. மேலே நாம் செய்தது பணத்தைப் பிரித்தது. பில் ஒன்றே, அதன் வரிசை எண் ஒன்றே, அதற்கு எதிராக நாலு வரவு. ஆனால் செல்வம் தன் அலுவலகத்தில் சாப்பாட்டுச் செலவைக் கேட்டு வாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு 497 ரூபாய் கட்டிய மெஷின் சீட்டு போதாது. அது பணம் கட்டியதற்குச் சான்று, வரி பில் அல்ல. அவருக்குத் தேவை சிக்கன் பிரியாணியும் வரியும் தனியாகக் காட்டும், தனி எண் கொண்ட பில். அதைத் தர வேண்டுமானால் மேசையின் பில் அச்சாகும் முன்பே இரண்டாகப் பிரித்திருக்க வேண்டும்.

அச்சான பிறகு கேட்டால் பழைய பில்லை ரத்து செய்து புதிதாகப் போட வேண்டும். எல்லா முதலாளியும் பயப்படுவது இந்த ரத்துக்குத்தான். ரொக்கம் வாங்கிவிட்டு பில்லை ரத்து செய்து பணத்தைச் சட்டைப் பையில் போடுவது உணவகத் திருட்டில் மிகப் பழைய வழி. அதனால் ரத்து செய்ய மேலாளரின் ரகசிய எண் வேண்டும் என்று வைத்திருப்பார்கள். மேலாளர் பார்சல் கவுண்ட்டரில் இருப்பார். சர்வர் மெஷினைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடுவார். "தனித்தனி பில் குடுங்க" என்று சாதாரணமாகக் கேட்ட செல்வத்துக்கு, ஏன் பத்து நிமிடம் ஆகிறது என்று புரியாது. தவறு அவருடையதல்ல, சர்வருடையதும் அல்ல. பில் போடும் முன் "ஒரே பில்லா, தனித்தனியா சார்?" என்று ஒரு கேள்வி கேட்கும்படி மெஷினை அமைக்காதவர்கள் மேல்தான் தவறு. அந்த ஒரு கேள்வி அச்சுப் பொத்தானுக்கு முன்னால் திரையில் வந்தால், இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

அடுத்தது, நாலில் ஒன்று மாட்டிக்கொள்ளும்போது என்ன ஆகிறது என்பது. ஒரு மெஷின் நல்லதா கெட்டதா என்று நான் முடிவு செய்வது இந்த இடத்தில்தான். ரவியின் பங்குக்கான க்யூஆருக்குள் இருப்பது ஏறக்குறைய இப்படி ஒரு வரி:

```
upi://pay?pa=hotel@bank&pn=Hotel&tr=T14B0713&am=560.00&cu=INR
```

இதில் `am` என்பது தொகை. `tr` என்பது அந்தப் பங்குக்கு மட்டும் உரிய அடையாள எண். ரவி ஸ்கேன் செய்கிறார். அவர் போனில் பச்சை டிக் வந்துவிட்டது. மெஷின் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தடித்த சுவரும் நிலத்தடி ஏசி அரங்கும் உள்ள இடங்களில் மெஷினின் சிம்முக்கு நெட்வொர்க் விட்டுவிட்டு வரும், இது அன்றாடம் நடப்பது. "இன்னும் வரலை சார்" என்கிறார் சர்வர். "எனக்குப் போயிருச்சுண்ணே, பாருங்க" என்கிறார் ரவி. இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

இப்போது சர்வர் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. அதை ரத்து செய்துவிட்டுப் புதிய க்யூஆர் போடுவது. புதியதற்குப் புதிய `tr` எண். ரவி இரண்டாம் முறையும் கட்டுவார், சற்று நேரத்தில் முதல் பணமும் வந்து சேரும். ஒரு பங்குக்கு இரண்டு வரவு. அவர் செய்ய வேண்டியது `Check Status` பொத்தானைத் தட்டுவது. அதே `tr` எண்ணை வைத்து மெஷின் வங்கிப் பக்கம் கேட்டு, வந்ததா இல்லையா என்று சொல்லும். அப்போதும் பதில் இல்லையென்றால் ரவியின் போனில் அந்தப் பரிமாற்றத்தைத் திறந்து, 12 இலக்க யுடிஆர் எண்ணைக் குறித்துக்கொண்டு அவரைப் போக விடலாம். பணம் அவரிடமிருந்து கழிந்து கடைக்கு வந்து சேராமல் போனால், ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்பிவிட வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்திருக்கிறது. ஆக ரவிக்குப் பயம் இல்லை. பயம் எல்லாம் சர்வருக்குத்தான். பணம் ரவிக்கே திரும்பிப் போய்விட்டால் அந்த மேசையில் 560 ரூபாய் குறை.

இந்த இடத்தில் மெஷின்களுக்குள் தரம் தெரிந்துவிடும். சுமாரான மென்பொருள், நாலில் ஒன்று நிலுவையில் நின்றால் மேசை முழுவதையும் திறந்தே வைத்திருக்கும், அல்லது பிரித்ததையே கலைத்துவிட்டு முதலில் இருந்து தொடங்கச் சொல்லும். ஏற்கெனவே கட்டிய குமாரின் 655 ரூபாய் அந்தரத்தில் நிற்கும். நல்ல மென்பொருள் வந்ததை வந்ததாக வைத்துக்கொள்ளும், மீதத்தை மட்டும் காட்டும், நிலுவையை நிலுவை என்றே எழுதி மேசையை மேலாளர் கணக்குக்கு மாற்ற விடும். பணம் பிறகு வந்தால் மூடிய மேசையைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும்.

மென்பொருள் எப்படி இருந்தாலும் ஒரு நடைமுறை மாற வேண்டும். மேசைக்கு மெஷின் வந்ததோடு கேஷியரின் வேலை சர்வர் தோளுக்கு வந்துவிட்டது, சம்பளம் வரவில்லை. எனக்குத் தெரிந்த ஓர் உணவகத்தில் இப்படி விடுபட்ட தொகையை சர்வரின் வாரப் பணத்தில் பிடித்தார்கள். பிடித்த சில நாளில் அதே பணம் வங்கியில் வந்து சேர்ந்தது. அதற்குள் அந்தப் பையன் வேலையை விட்டுப் போயிருந்தான். கணக்கை முடித்தவன் நான். இன்றும் அந்த வரவைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. நெட்வொர்க் தவறுக்கு சர்வரைப் பொறுப்பாக்கும் இடத்தில் இந்த மெஷினை எவ்வளவு மெச்சினாலும் அது நியாயமாகாது.

டிப்ஸும் இதே வகை. சோம்புக் கிண்ணத்தோடு பில் அட்டை வரும், மீதிச் சில்லறை அதில் வரும், ஒரு இருபதோ ஐம்பதோ அதிலேயே தங்கும். மெஷினில் மீதி என்ற ஒன்று இல்லை. சரியாக 504, சரியாக 304. சர்வருக்கு வரவேண்டிய அந்தச் சின்ன மிச்சம் கணக்கின் துல்லியத்தில் கரைந்துவிடுகிறது. இதற்கு ஈடாகச் சில மெஷின்கள் பணம் கட்டும் முன் டிப்ஸ் திரை ஒன்றைக் காட்டுகின்றன. நாலு பேர் பிரித்துக் கட்டினால் நாலு முறை அந்தத் திரை வரும், நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்க. அது கேட்பதா, நெருக்குவதா? சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் தந்தது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பின் உணர்வு இங்கேயும் பொருந்தும். எந்தத் தொகையும் முன்கூட்டியே தேர்வாகி நிற்கக் கூடாது, ஒரு மேசைக்கு ஒரு முறைதான் கேட்க வேண்டும், வந்த தொகை எந்த சர்வருக்கு என்று செட்டில்மெண்டில் தனி வரியாக நிற்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். டிப்ஸ் முதலாளியின் வங்கிக் கணக்கில் போய் விழுகிறது. தனி வரி இல்லையென்றால் அது உரியவருக்குப் போனதா என்று யாராலும் கேட்க முடியாது.

எல்லாவற்றையும் தட்டில் வைத்துப் பார்த்தால் என் முடிவு இதுதான். மேசையில் பணம் வாங்குவது நல்லது, பொத்தான் உள்ள மெஷினும் இருந்தால் முழுமையாக நல்லது. சமப் பங்குப் பொத்தானை முதல் திரையிலிருந்து எடுத்துவிடலாம், நண்பர்கள் அதைத் தங்களுக்குள் இன்னும் சீக்கிரமாகச் செய்துகொள்கிறார்கள். சாப்பிட்டதற்கு ஏற்பப் பிரிப்பது உண்மையிலேயே புதிய நன்மை, மாலாவின் 200 ரூபாயை அவர் வாய் திறந்து கேட்காமலே காப்பாற்றுவது அதுதான். ஆனால் அது ஆர்டர் எடுக்கும் நிமிடத்தில் தொடங்க வேண்டும். சாப்பிட்டு முடிந்தபிறகு சர்வர் மெஷினைப் பிடித்துக்கொண்டு "லைம் சோடா யாருக்கு, காளான் யாருக்கு" என்று மேசையில் உரக்கப் படித்துப் பிரிப்பதானால், அதைவிட 504-ஏ மேல்.

புதிதாக மெஷின் வாங்கப்போகும் முதலாளிகள் என்னிடம் கேட்டால் நான் ஒரு சோதனை சொல்வது வழக்கம். விற்க வந்தவரை ஒரு மேசையில் உட்கார வைத்து, மேலே சொன்ன அதே சாப்பாட்டை மெஷினில் ஏற்றச் சொல்லுங்கள். சிக்கன் 65-ஐ மூன்றாகவும் காளானை நாலாகவும் பங்கு போடச் சொல்லுங்கள். முதல் ஆள் கட்டி, இரண்டாவது ஆளின் க்யூஆர் திரையில் வந்ததும் மெஷினின் நெட்வொர்க்கை அணைத்துவிட்டு, அவரை வேறு போனில் கட்டச் சொல்லுங்கள். பிறகு நெட்வொர்க்கைப் போட்டுவிட்டு, மொத்த வரவு என்ன காட்டுகிறது என்று பாருங்கள். நாலு பேரும் முடித்தபிறகு 2,016 காட்டினால் பேசலாம். 2,017 காட்டினாலோ, முதல் ஆளின் பணத்தைக் காணவில்லை என்றாலோ, சாப்பாட்டுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.